பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு: கையில் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. எல்லைக்கு இப்பால் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர், அலுவலர், வணிகர் பலரும் தம் நடுவயதில் விரிவான மனையில் பெரிய வீடு ஒன்றைக் கட்டினார்கள். இன்று பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ அயல்நாட்டிலோ இருக்கிறார்கள். மாடியறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டத்துத் தென்னையைப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. ‘இதை விற்றுவிட்டு மருத்துவமனைக்கு அருகில் சிறிய வீடாக வாங்கினால் என்ன? மிஞ்சும் பணத்தை முதலீடு செய்தால் மாதந்தோறும் வருமானமும் வருமே’ என்ற எண்ணம் எழுவது இயல்பே.

இந்த எண்ணத்தோடு வருபவர்களிடம் நாம் வழக்கமாகக் காண்பது ஒரே ஒரு கழித்தல் கணக்கு: விற்கும் விலையிலிருந்து வாங்கும் விலையைக் கழித்துவிடுகிறார்கள். முடிவு தவறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விடுபடும் பணம் அந்த வித்தியாசத்தைவிடக் கணிசமாகக் குறைவு. அப்பணம் எந்தத் தேவைக்கு என்பதும் பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை கணக்கிட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுத் தம்பதியர்

கணவருக்கு வயது 68. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வயது 64, இல்லத்தரசி. கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் 20 சென்ட் மனையில் 1994இல் கட்டிய வீடு கணவர் பெயரில் இருக்கிறது. மாத ஓய்வூதியம் 35,000 ரூபாய். இருவரின் செலவும் அதற்குள் அடங்கிவிடுகிறது. வீட்டுக்கு 90 லட்சம் தர ஒருவர் முன்வந்துள்ளார். பாலக்காட்டு நகரத்தையொட்டி, இரண்டு படுக்கையறை கொண்ட தரைத்தள வீடு ஒன்று 45 லட்சத்துக்குக் கிடைக்கிறது. விற்பனையும் வாங்குதலும் 2025-26 நிதியாண்டில் நடப்பதாகக் கொள்வோம்.

90லிருந்து 45 போனால் 45 லட்சம் என்று தம்பதியர் மனக்கணக்குப் போட்டிருக்கிறார்கள். இனி உண்மைக் கணக்கைப் பார்ப்போம்.

முதலாவது, தரகு. 2 சதவீதம் என்று பேசினால் 1.8 லட்சம் போய்க் கையில் 88.2 லட்சம் நிற்கும். இரண்டாவது, புதிய வீட்டின் பதிவுச் செலவு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்து வீட்டுக்கு இவை மட்டும் 4.5 லட்சம் ஆகும். எனவே வீட்டின் அடக்கம் 49.5 லட்சம். மூன்றாவது, புதிய வீட்டில் குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கும், பொருள்களை ஏற்றி இறக்குவதற்கும், மதிப்பீட்டாளர், தணிக்கையாளர் கட்டணத்துக்கும் சேர்த்து 3.5 லட்சம் ஒதுக்க வேண்டும். நான்காவது, மூலதன ஆதாய வரி.

வரியை இரு வழியிலும் கணக்கிட வேண்டும்

2024 ஜூலை 23க்குப் பின் விற்கும் வீட்டுக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொள்ள இவ்வழியில் இடமில்லை. ஆனால் அந்த நாளுக்கு முன்பே வாங்கியிருந்த நிலத்துக்கும் வீட்டுக்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறையிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய முறையில் குறியீட்டுச் சலுகை உண்டு. வரி 20 சதவீதம். இரண்டில் எது குறைவோ அதைச் செலுத்தினால் போதும்.

நம் தம்பதியரின் சொத்து 2001க்கு முன் வாங்கியது. எனவே 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அதை 10 லட்சம் என்று சான்றளித்ததாக வைத்துக்கொள்வோம்.

புதிய முறையில் 88.2 லட்சத்திலிருந்து 10 லட்சம் போக ஆதாயம் 78.2 லட்சம். விற்ற வீட்டின் ஆதாயத்தைக் கொண்டு வேறொரு குடியிருப்பு வாங்கினால், அதன் அடக்கத் தொகை அளவுக்கு விலக்கு உண்டு. 49.5 லட்சம் கழிந்தபின் 28.7 லட்சத்துக்கு 12.5 சதவீதம் வரி, ஏறத்தாழ 3.59 லட்சம்.

பழைய முறையில் 2001-02ஆம் ஆண்டின் குறியீடு 100, 2025-26க்கு 376. ஆகவே 10 லட்சம் 37.6 லட்சமாக உயர்கிறது. ஆதாயம் 50.6 லட்சமாகச் சுருங்கும். அதிலிருந்து புதிய வீட்டின் 49.5 லட்சத்தைக் கழித்தால் எஞ்சுவது 1.1 லட்சம் மட்டுமே. அதற்கு 20 சதவீத வரி 22,000 ரூபாய். 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 23,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வரிவிகிதத்தை மட்டும் பார்த்து ‘12.5 தானே குறைவு’ என்று முடிவு செய்பவர் மூன்று லட்சத்துக்கும் மேல் இழப்பார். பழைய வீடு, புதிய வீட்டு விலக்கு ஆகிய இரண்டும் சேரும்போது பழைய முறை பெரும்பாலும் இலாபமாக அமைகிறது. புதிய வீடே வாங்காமல் வாடகைக்குப் போனால் இதே சொத்துக்கு வரி 10 லட்சத்தை நெருங்கிவிடும். அப்போது புதிய முறையே சற்றுக் குறைவாக வரும். எனவே இரு கணக்கையும் போட்டுப் பார்க்காமல் முன்பணம் வாங்கக் கூடாது.

இந்த விலக்குக்குக் காலவரையறை உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்றபின் இரண்டாண்டுக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்றாண்டு. வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வீடு அமையாவிட்டால், விலக்குக் கோரும் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் இட வேண்டும். சாதாரண வைப்புத் தொகையாகப் போட்டுவைத்தால் விலக்குக் கிடைக்காது. இது பலரும் செய்யும் பிழை. அக்கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தை வீட்டுக்கே செலவிட வேண்டும். கணக்கை மூட வருமானவரி அலுவலரின் ஒப்புதல் வேண்டும். வாங்கிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால் பெற்ற விலக்கும் போய்விடும். புதிய பத்திரத்தில் விற்றவரின் பெயர் முதலில் இருப்பது பாதுகாப்பு. மனைவியின் பெயரை அடுத்துச் சேர்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பத்திரத்தில் 60 லட்சம் காட்டுவோம், மீதியை ரொக்கமாகத் தருகிறோம்’ என்று வாங்குபவர் கேட்பதுண்டு. சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. அவ்வாறு வந்த ரொக்கத்தைக் கணக்கில் காட்டி எந்த நல்ல முதலீட்டிலும் வைக்க முடியாது. ஓய்வுக்கால வருமானத்துக்காக வீட்டை விற்பவருக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வரித்துறைக்குச் செலுத்துவார். நம் கணக்கில் அது 90,000 ரூபாய். கணக்குத் தாக்கல் செய்தால் வரிபோக மீதி திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். 88.2 லட்சத்தில் வீட்டுக்கு 49.5, வரிக்கு 0.23, இதர செலவுக்கு 3.5 லட்சம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 35 லட்சம். மனக்கணக்கில் இருந்த 45 லட்சத்தில் 10 லட்சம் குறைந்துவிட்டது.

இந்தப் பணம் எதற்கு?

தம்பதியரின் இன்றைய செலவுக்கு ஓய்வூதியம் போதும் என்றோம். அப்படியானால் 35 லட்சத்தின் வேலை என்ன? இருவரில் ஒருவர் மட்டும் இருக்கப்போகும் மாதத்தை மனத்தில் வைத்துத்தான் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். பேசத் தயங்கும் செய்தி இது. ஆனால் முழு முடிவும் இதில்தான் நிற்கிறது.

கணவரின் கடைசி ஊதியம் 70,000, ஓய்வூதியம் அதில் பாதி என்று கொண்டால், குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், அதாவது 21,000 ரூபாய். கணவருக்குப் பின் மனைவியின் மாத வருமானம் 14,000 குறைகிறது. ஆனால் ஒருவர் குறைந்தால் செலவு பாதியாவதில்லை. மின்கட்டணம், வீட்டுப் பராமரிப்பு, உதவியாளர் ஊதியம் எல்லாம் அப்படியே நிற்கும். மருத்துவச் செலவு கூடும். அந்த 14,000 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்புவதே விடுபடும் பணத்தின் முதல் வேலை.

35 லட்சத்தில் 5 லட்சத்தை எந்நேரமும் எடுக்கும்படி வங்கியில் வைப்போம். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மீதி 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடலாம். ஒருவருக்கு அதிகபட்ச அளவும் அதுவே. ஆண்டு வட்டி 8.2 சதவீதம், ஐந்தாண்டுக்கு மாறாது. காலாண்டுக்கு 61,500, மாதக் கணக்கில் 20,500 ரூபாய் வரும். மனைவியை இணைக் கணக்காளராகச் சேர்த்தால், கணவருக்குப் பின் அவர் அதே நிபந்தனைகளில் கணக்கைத் தொடரலாம்.

பள்ளம் 14,000, வரவு 20,500. கணக்கு நிற்கிறது. எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

ஒன்று, வட்டித் தொகை மாறாது, விலைவாசி மாறும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், ஐந்தாண்டு கழித்து 20,500 ரூபாய் இன்றைய 15,300 ரூபாயின் வேலையைத்தான் செய்யும். ஆகவே இருவரும் இருக்கும் இன்றைய நாளில் வட்டி முழுவதையும் செலவிடக் கூடாது. 8,000 ரூபாயை மருந்துக்கும் விருப்பச் செலவுக்கும் எடுத்துக்கொண்டு, 12,500 ரூபாயை மாதந்தோறும் தொடர்வைப்பில் சேர்த்தால், 6.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 8.8 லட்சம் சேரும். முதலின் தேய்மானத்தை அது பெருமளவு ஈடு செய்யும்.

இரண்டு, இடையில் பணத்தை எடுத்தால் இழப்பு உண்டு. ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே கிடையாது. பெற்ற வட்டியும் அசலில் கழிக்கப்படும். இரண்டாண்டுக்குள் 1.5 சதவீதமும், அதன்பின் ஐந்தாண்டுக்குள் 1 சதவீதமும் அசலில் பிடிக்கப்படும். வெளியே வைத்த 5 லட்சம் இதற்காகவே. ‘சும்மா கிடக்கிறதே’ என்று அதையும் உள்ளே போட்டுவிடலாகாது.

எப்போது மாறக் கூடாது?

இதே தம்பதியர் 45 லட்சத்து வீட்டை விட்டு, ‘கொஞ்சம் வசதியாக’ 60 லட்சத்து அடுக்ககத்தைத் தேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவோடு 66 லட்சம். வரி இல்லை. ஆனால் இதர செலவு போக மிஞ்சுவது 18.7 லட்சம். 5 லட்சத்தைக் கையிருப்பாக வைத்து மீதி 13.7 லட்சத்தை முதலீடு செய்தால் மாதத்துக்கு 9,400 ரூபாய் அளவுதான். அடுக்ககத்தின் மாதப் பராமரிப்புக் கட்டணமும் அதில் போகும். 14,000 ரூபாய்ப் பள்ளம் நிரம்பவில்லை. அப்போது இடமாற்றம் வசதிக்கானதாக இருக்கலாமே தவிர, வருமானத்துக்கானதாக இராது.

புதிய வீட்டின் விலை எந்த அளவைத் தாண்டினால் பள்ளம் நிரம்பாமல் போகும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களை வைத்துக் கண்டுகொள்ள முடியும். வீடு தேடப் புறப்படும் முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பார்த்த வீடு பிடித்துப்போன பிறகு எண்கள் வளைந்துகொடுக்கத் தொடங்கிவிடும்.

‘நிலம்’ என்ற சொல்லும் பட்டயம் என்ற தாளும்

கணக்கு சரியாக வந்தாலும் கேரளத்து ஆவணங்களில் இரண்டு இடங்களில் இடறல் நேர்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் சிறிய வீடோ மனையோ வாங்குபவர் கவனிக்க வேண்டியது ‘நிலம்’ என்ற சொல்லை. தமிழில் எந்த மண்ணும் நிலம்தான். ஆனால் கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்த கரைமண் ‘புரையிடம்’. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி நெல்வயலை விருப்பம்போல் மாற்ற முடியாது. நேரில் பார்க்கும்போது மண் நிரப்பி மேடாக, தென்னை நட்டு இருக்கலாம். தாளில் அது இன்னமும் நெல்வயலாகவே நிற்கும். அத்தகைய இடத்துக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் சிக்கலாகும். நாளை விற்பதும் கடினம். எனவே நிலவரி ரசீதில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, ஊராட்சியின் ‘டேட்டா பேங்க்’ எனப்படும் நெல்வயல் பட்டியலில் அந்த அளவை எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் பார்க்க வேண்டும். இருந்தால், மாற்றம் கோரும் மனுவும் கோட்ட வருவாய் அலுவலரின் ஆணையும் விற்பவரின் பொறுப்பு. ஆணை கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். ‘போக்குவரவு’ என்று அங்கே சொல்வது பட்டா மாறுதலை. பதிவு முடிந்தபின் அதையும் செய்து, தம் பெயரில் வரி கட்டினால்தான் வேலை முடிந்தது. மலையாளம் படிக்க வராதவர் தாய்ப் பத்திரத்தை ஒரு வழக்குரைஞரிடம் தந்து முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது கட்டாயம்.

இடுக்கியில் இடறல் விற்கும் பக்கத்தில் வருகிறது. மலைப்பகுதி வீடுகள் பல, அரசு பதிவு செய்து கொடுத்த பட்டய நிலத்தில் நிற்பவை. 1964ஆம் ஆண்டின் நிலப்பதிவு விதிகளின் கீழ்ப் பெற்ற பட்டயத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை உண்டு. வீடும் வேளாண்மையுமே அதில் அடங்கும். 1977 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியேறியிருந்த வன நிலங்களுக்கு 1993இல் தனி விதிகள் வந்தன. எந்த விதியின் கீழ்ப் பெற்ற பட்டயம் என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும். தானே குடியிருக்கும் வீடு என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. சுற்றுலாப் பயணியருக்காக மேலே இரண்டு அறை எடுத்துத் தங்குவிடுதியாக நடத்தியவருக்கே கேள்வி எழுகிறது. இவ்வகைப் பயன்பாட்டை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்தச் சட்டத்தைக் கேரளச் சட்டப்பேரவை 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. மேலும் மூணாறைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும் தேவைப்படுகிறது.

இதன் விளைவு நேரடியாக விலையில் தெரியும். தாள்கள் தெளிவில்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முன்வருவார். அவர் குறைத்தே கேட்பார். மலையில் 90 லட்சம் பெறும் என்று நினைத்த வீடு 70 லட்சத்துக்குப் போனால், மேலே பார்த்த கணக்கில் விடுபடும் பணம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே மறையூரிலோ நெடுங்கண்டத்திலோ இருப்பவர், தரகரைப் பார்க்கும் முன்பே பட்டயத்தின் நகல், கிராம அலுவலரின் கைவசச் சான்று, நடப்பு ஆண்டு நிலவரி ரசீது, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட வரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்து, கடன் வழங்கும் வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர் அவற்றை ஏற்பாரா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

விற்பதற்கு முன் ஒரு வாடகைக் காலம்

இந்த முடிவைத் திரும்பப் பெற முடியாது. சிறிய வீடு ஒத்துவராமல் மீண்டும் மாறினால் இன்னொரு முறை 10 சதவீதப் பதிவுச் செலவு. மூன்றாண்டுக்குள் என்றால் வரியும் சேரும். எனவே பழைய வீட்டைப் பூட்டிவிட்டு, போக நினைக்கும் பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது மலிவான சோதனை. மாதம் 10,000 என்றால் 60,000 ரூபாய். பதிவுச் செலவில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆறு மாதத்தில் கோடையின் குடிநீர், இரவில் மருத்துவமனைக்குப் போகக் கிடைக்கும் வண்டி, தமிழில் பேசிப் பழக அக்கம்பக்கம், மனைவி தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்பவை எல்லாம் தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்விக்கு மனைவியிடமிருந்தே விடை வர வேண்டும். புள்ளிவிவரப்படி பெண்களே நீண்டகாலம் வாழ்கிறார்கள். அந்தச் சிறிய வீட்டில் கடைசிவரை இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். பத்திரத்தில் அவர் பெயர், வைப்புகளில் அவர் இணைக் கணக்காளர், இருவருக்கும் தனித்தனி உயில், கணக்கு விவரங்கள் எழுதிய ஒரு குறிப்பேடு ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். அவற்றோடு 14,000 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்பும் வட்டியும் வருமானால் விற்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதைச் சரிசெய்யும்வரை பெரிய வீட்டின் பூட்டிய மாடியறைகள் அப்படியே இருக்கட்டும்.